எங்கேயோ பார்த்த முகம்: இனங்காணலின் இரண்டு வழிகளும் ஒரு வளைகோடும்

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்துக்கு அருகே பள்ளி. தினமும் பேருந்துப் பயணம்தான். ஒரு நாள் காலை விக்கிரவாண்டியில் ஏறிய பெண்மணி ஒருவர் எனக்கு எதிர் இருக்கையில் அமர்ந்தார். நன்றாகத் தெரிந்த முகம். சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் யார் இவர்? பழைய மாணவியின் அம்மாவா, பயிற்சி வகுப்பில் பார்த்தவரா, உறவுக்காரர் திருமணத்தில் பேசியவரா? கூட்டேரிப்பட்டு வந்தபோதுதான் சட்டென்று விளங்கியது. எங்கள் தெரு முனை மருந்துக்கடையில் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். அந்த நொடியில் கடை, கண்ணாடி அலமாரி, போன வாரம் சில்லறை இல்லை என்று அவர் சொன்னது, எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன.

ஜார்ஜ் மேண்ட்லர் என்ற உளவியலாளர் 1980இல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதே காட்சி வருகிறது. அவருடைய பேருந்தில் இருந்தவர் ஓர் இறைச்சிக் கடைக்காரர். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் இடையே என்னிடம் இருந்தது ஒருவகை நினைவு, கூட்டேரிப்பட்டில் வந்தது வேறுவகை நினைவு என்பது அவர் வாதம். முதலாவதைப் பரிச்சயம் என்று சொல்லலாம். 'இது எனக்குப் புதிதல்ல' என்ற உணர்வு மட்டும் அதில் உண்டு. அது கொஞ்சமாகவும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம். இரண்டாவது மீள்நினைவு. எங்கே, எப்போது, எதனோடு சேர்த்துப் பார்த்தோம் என்ற விவரம் திரும்பி வருவது. அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

நான் இதைப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் பேருந்து அல்ல, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. சமூக அறிவியலில் பல்லவர் பாடத்தை ஏழெட்டு முறை வாசித்திருந்தாள். நம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையை அமைத்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு நரசிம்மவர்மன் என்று குறித்திருந்தாள். மகேந்திரவர்மன் என்ற பெயரும் விடைகளில் இருந்தது. "படிக்காமலே படிச்சேன்னு சொல்றியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். "இல்ல டீச்சர், எல்லாப் பேரும் பார்த்த பேராத்தான் இருந்துச்சு, அதான்" என்றாள். அவள் சொன்னது சாக்கு என்று நினைத்தேன். அது துல்லியமான விவரிப்பு என்று புரிய எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இரண்டு வகை நினைவு இருக்கிறது என்று சொல்வது எளிது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது எப்படி? எண்டெல் டல்விங் 1985இல் நேரடியான வழி ஒன்றைச் சொன்னார். ஒரு சொல்லை முன்பு பார்த்ததாக ஒருவர் கூறினால், 'நினைவிருக்கிறதா, அல்லது வெறுமனே தெரிகிறதா?' என்று அவரையே கேட்பது. இதில் ஒரு தொல்லை உண்டு. மிகவும் உறுதியாகத் தெரிந்தாலே 'நினைவிருக்கிறது' என்று சொல்லிவிடுவோர் உண்டு, குழந்தைகள் இன்னும் அதிகம். அதனால் ஆண்ட்ரூ யோனலினஸ் என்ற ஆய்வாளர் 1994இல் வேறு வழியில் போனார். ஆளைக் கேட்காமல், விடைகள் வரையும் கோட்டின் வடிவத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டுக்கு ஆர்.ஓ.சி. வளைகோடு என்று பெயர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராடார் வேலையிலிருந்து வளர்ந்த முறை அது. திரையில் தெரியும் புள்ளி விமானமா, வெறும் இரைச்சலா என்று சொல்ல வேண்டிய ஊழியரின் திறமையை எப்படி அளப்பது என்பதே அங்கிருந்த கேள்வி. ஜேம்ஸ் ஈகன் 1958இல் அதை நினைவுச் சோதனைக்குக் கொண்டுவந்தார்.

வகுப்பறையில் இதைச் செய்ய ஒரு சுண்ணக்கட்டியும் தாளும் போதும். இருபது சொற்களை ஒவ்வொன்றாக, மூன்று விநாடி வீதம் காட்டுகிறோம். ஒரு பாடவேளை கழித்து, அந்த இருபதையும் காட்டாத வேறு இருபதையும் கலந்து படிக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண் எழுதுகிறார்கள். 6 என்றால் 'நிச்சயமாகக் காட்டினீர்கள்', 1 என்றால் 'நிச்சயமாகக் காட்டவில்லை', நடுவில் உள்ளவை ஐயத்தின் அளவுகள்.

வெறும் ஆம், இல்லை போதாதா என்று கேட்கலாம். போதாது. துணிச்சலான பையன் லேசாகப் பார்த்த மாதிரி இருந்தாலே ஆம் என்பான். தயங்கும் பெண் நூறு சதவீதம் உறுதியானால்தான் ஆம் என்பாள். அவன் காட்டிய சொற்களில் 77 சதவீதத்துக்கும், காட்டாதவற்றில் 40 சதவீதத்துக்கும் ஆம் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் முறையே 39, 10. பார்த்தால் இருவரும் வெவ்வேறு திறமை உள்ளவர்களாகத் தெரிவார்கள். உண்மையில் இந்த இரண்டு சோடி எண்களும் ஒரே வளைகோட்டின் மேல் இருக்கின்றன. நினைவு ஒன்றுதான், ஆம் சொல்லக் கோடு கிழித்த இடம் மட்டும் வேறு. ஆறு நிலை எண்களைக் கேட்டால் ஒரே மாணவரிடமிருந்து கண்டிப்பான கோடு முதல் தாராளமான கோடு வரை ஐந்து புள்ளிகளும் கிடைத்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். எங்கள் வகுப்பில் கிடைத்தவை இவ்வளவு ஒழுங்காக இல்லை. அ பிரிவும் ஆ பிரிவும் ஒரே சோதனையை எழுதின என்று கொள்வோம். முதலில் 6 எழுதியவற்றை மட்டும் எண்ணுகிறோம், பிறகு 6, 5 இரண்டையும் சேர்த்து, பிறகு 4 வரை, இப்படியே கீழே இறங்குகிறோம். எல்லாம் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில்.

| எண்ணியவை | காட்டாத சொல் (இரு பிரிவும்) | காட்டிய சொல்: அ பிரிவு | காட்டிய சொல்: ஆ பிரிவு |
|---|---|---|---|
| 6 மட்டும் | 5 | 48 | 26 |
| 6, 5 | 10 | 57 | 39 |
| 6 முதல் 4 வரை | 20 | 69 | 56 |
| 6 முதல் 3 வரை | 40 | 84 | 77 |
| 6 முதல் 2 வரை | 60 | 93 | 90 |

வரைபடத் தாளில் கிடை அச்சில் காட்டாத சொற்களின் எண்ணையும், நேர் அச்சில் காட்டிய சொற்களின் எண்ணையும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் இரண்டு வளைகோடுகள் வரும். வெறுமனே ஊகித்து எழுதினால் கோடு மூலைவிட்டமாக நேரே போகும். அதற்கு மேலே எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு நினைவு இருக்கிறது என்று பொருள்.

அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள். தாராளமாகச் சொல்லும்போது அ பிரிவு 93, ஆ பிரிவு 90. வேறுபாடு மூன்றுதான். முதல் வரியில் 48க்கு 26. வேறுபாடு இருபத்திரண்டு. அ பிரிவின் கோடு முழுவதும் ஒரே அளவில் உயரவில்லை, இடது ஓரத்தில் மட்டும் தூக்கி நிற்கிறது. இந்த வடிவம்தான் இங்கே சாட்சி.

யோனலினஸின் விளக்கம் இது. ஆ பிரிவு முழுக்க முழுக்கப் பரிச்சயத்தை வைத்தே விடை எழுதியது. காட்டிய சொற்களின் பரிச்சயம் காட்டாத சொற்களைவிடச் சராசரியாகக் கூடுதல், ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கண்டிப்பாகக் கோடு கிழித்தால் காட்டிய சொற்களிலும் பல வெளியே போய்விடும். அ பிரிவிலும் அதே அளவு பரிச்சயம்தான். கூடுதலாக, காட்டிய நூறு சொற்களில் 30 சொற்களுக்கு மீள்நினைவு வந்தது. 'இந்தச் சொல் வந்தபோது ஜன்னல் பக்கம் காகம் கத்தியது' என்பது போல. அப்படி நினைவு வந்த சொல்லுக்கு யாரும் 4 அல்லது 5 எழுத மாட்டார்கள், நேராக 6தான். எனவே எவ்வளவு கண்டிப்பான கோடு கிழித்தாலும் அந்த 30 உள்ளேயே இருக்கும்.

சரிபார்க்கலாம். மீதி 70 சொற்கள் ஆ பிரிவைப் போலவே பரிச்சயத்தால் முடிவாகின்றன. முதல் வரியில் 70இல் 26 சதவீதம் 18. அதனுடன் 30ஐக் கூட்டினால் 48. மூன்றாவது வரியில் 70இல் 56 சதவீதம் 39. முப்பதைக் கூட்டினால் 69. கடைசி வரியில் 70இல் 90 சதவீதம் 63, கூட்டினால் 93. எல்லா வரிகளும் பொருந்துகின்றன. கோட்டை இடது பக்கம் நீட்டி, காட்டாத சொற்கள் சுழியாகும் இடத்துக்குக் கொண்டுபோனால், அது அடிமூலையில் சேராமல் நேர் அச்சை 30இல் தொடும். அந்த வெட்டு உயரம் மீள்நினைவின் அளவு. கோடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது பரிச்சயத்தின் அளவு.

'அ பிரிவுக்குப் பரிச்சயமே அதிகம் என்று சொல்லிவிடலாமே, இரண்டாவது வழி எதற்கு?' என்று கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பரிச்சயத்தை மட்டும் ஏற்றி முதல் வரியில் 48 வரவைக்க முடியும். ஆனால் அதே அளவு பரிச்சயம் இருந்தால் மூன்றாவது வரியில் 77ம் கடைசி வரியில் 97ம் வந்திருக்க வேண்டும். வந்தவை 69, 93. இடது ஓரத்துக்குப் பொருத்தினால் வலது ஓரம் பொருந்தவில்லை. பரிச்சயம் மட்டுமே வரையும் கோடு, இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குத் தாளை மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் சமச்சீர்க் கோடு. மீள்நினைவு கலந்த கோடு அப்படி மடியாது. ஒளி ஊடுருவும் தாளில் இரண்டையும் வரைந்து மடித்துப் பார்த்தால் உடனே தெரியும். எனக்கு இது சமன்பாட்டைவிட நன்றாக உறைத்தது.

இந்தக் கணக்கு மூளையில் உள்ள எதையாவது தொடுகிறதா, அல்லது வெறும் வரைபட விளையாட்டா? இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான விடை எலிகளிடமிருந்து வந்தது. நார்பர்ட் ஃபோர்ட்டின், ஷான் ரைட், ஹோவர்ட் ஐகன்பாம் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. எலிகளுக்குச் சொற்களுக்குப் பதில் வாசனைகள். சமையலறை மசாலா வாசனைகள் கலந்த மணல் கிண்ணங்கள். சில வாசனைகளை முதலில் முகரவைத்து, அரை மணி நேரம் கழித்துப் பழையதும் புதியதும் கலந்து கொடுத்தார்கள். எலி 1 முதல் 6 வரை எண் எழுதாது. எனவே சோதனைக் கிண்ணத்தின் உயரத்தையும் பரிசாகக் கிடைக்கும் தீனியின் அளவையும் மாற்றி மாற்றி, எலியை ஒருமுறை கண்டிப்பாகவும் இன்னொருமுறை தாராளமாகவும் முடிவெடுக்க வைத்தார்கள். இந்த உத்தியைப் படித்தபோது, பிள்ளைகளிடம் ஆறு எண் வாங்க நான் பட்ட பாட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நலமான எலிகளின் கோடு நம் அ பிரிவைப் போல இடப்புறம் தூக்கி இருந்தது. ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சேதமான எலிகளின் கோடு ஆ பிரிவைப் போலச் சமச்சீராகிவிட்டது. மீள்நினைவு போயிற்று, பரிச்சயம் தங்கியது. ஆனால் ஒருவேளை சேதத்தால் நினைவு மொத்தமாகக் குறைந்ததுதான் கோட்டின் வடிவத்தை மாற்றியதோ? இந்த ஐயத்தையும் சோதித்தார்கள். நலமான எலிகளுக்கே இடைவெளியை 75 நிமிடமாக நீட்டி மறக்கவிட்டார்கள். அவற்றின் மொத்தத் தேர்ச்சி குறைந்தது. ஆனால் கோடு சமச்சீராகவில்லை. வளைவு குறைந்து, ஏறக்குறைய நேர்கோடாக, இடப்புறம் தூக்கியபடியே நின்றது. அதாவது இங்கே தேய்ந்தது பரிச்சயம், மிஞ்சியது மீள்நினைவு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் சேதமான எலியையும் மறந்த எலியையும் வேறுபடுத்தியிருக்க முடியாது.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. ஜான் விக்ஸ்டட் போன்றோர் வேறொரு விளக்கம் வைக்கிறார்கள். நாம் காட்டும் எல்லாச் சொற்களும் ஒரே அளவில் நினைவில் பதிவதில்லை. ஒன்று ஆழமாக, ஒன்று மேலோட்டமாகப் பதியும். எனவே காட்டிய சொற்களின் நினைவு வலிமை, காட்டாதவற்றைவிடக் கூடுதலாக மட்டுமல்ல, அதிகமாகச் சிதறியும் இருக்கும். அந்தச் சிதறலே கோட்டைச் சமச்சீரற்றதாக்கிவிடும், இரண்டு தனி வழிகள் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. தனிச் சொற்களை வைத்துச் செய்யும் சோதனையில் இரு தரப்புக் கோடுகளும் மிக நெருங்கிவிடுகின்றன. வளைகோட்டைப் பார்த்து 'இதோ மீள்நினைவு 30' என்று அறிவிப்பது, இரு வழிக் கோட்பாட்டை முன்பே ஏற்றுக்கொண்டவருக்கு மட்டுமே செல்லும். இதை மறைத்து எழுதும் பயிற்சிக் கையேடுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் சொற்களைச் சோடியாகக் கொடுத்தால் நிலைமை தெளிவாகிறது. 'குடை–ஆறு', 'மணி–கயிறு' என்று சோடிகளைக் காட்டிவிட்டு, பிறகு அதே சோடிகளையும் இடம் மாற்றிய 'குடை–கயிறு' போன்றவற்றையும் கொடுக்கிறோம். இரண்டிலும் எல்லாச் சொற்களும் பார்த்த சொற்களே. பரிச்சயம் இரு பக்கமும் சமம், எனவே அது உதவாது. எது எதனோடு இருந்தது என்ற மீள்நினைவு வந்தால்தான் விடை. இத்தகைய சோதனைகளில் கோடு வளைவு குறைந்து நேர்கோட்டை நெருங்குவதை யோனலினஸ் 1997இல் காட்டினார். சோடியை ஒரே பொருளாக இணைத்துக் கற்கும்போது வளைவு திரும்பி வருவதும் உண்டு.

நம் வினாத்தாளில் இதன் பெயர் 'பொருத்துக'. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவும், தவறான விடைகளை அதே பாடத்திலிருந்து எடுத்தால், இதே சோதனைதான். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், இராஜசிம்மன் மூவரும் ஒரே பாடத்தில் வருகிறார்கள். ஏழு முறை வாசித்தவளுக்கு மூவரும் பரிச்சயம். மண்டகப்பட்டோடு சேர்ந்து நினைவில் நிற்பவர் யார் என்பதற்குப் பரிச்சயம் பதில் சொல்லாது. மாறாக, தவறான விடைகளை வேறு பாடத்திலிருந்து எடுத்தால், பாடத்தை ஒருமுறை புரட்டிய பிள்ளைகூடச் சரியாகக் குறித்துவிடும். என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கும்போது நான் பல ஆண்டுகள் இரண்டாவது வகையையே எழுதிக்கொண்டிருந்தேன். பயிற்சியில் நன்றாகச் செய்த பிள்ளைகள் தேர்வில் தடுமாறியபோது அவர்களைத்தான் குறை சொன்னேன்.

நம் ஏமாற்றம் இங்கே ஒரு மதிப்பெண். நீதிமன்றத்தில் அது பெரிது. ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்ட் தாம்சனை 1970களில் ஒரு பெண் தன்னைத் தாக்கியவர் என்று அடையாளம் காட்டினார். சம்பவம் நடந்த நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணின் வீட்டில் அந்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. முகம் பரிச்சயம், வந்த இடம் தவறு.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோருக்கு, நான் சறுக்கிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஏறக்குறைய எல்லோரும் 6 அல்லது 1 மட்டும் எழுதினார்கள். ஐயப்படுவது படிக்காததற்கு அடையாளம் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம். அப்போது கிடைப்பது ஒரே புள்ளி. ஒரு புள்ளியைக் கொண்டு வளைவும் தெரியாது, வெட்டும் தெரியாது. இரண்டாம் முறை, மதிப்பெண் இல்லை என்று சொல்லி, 'பேருந்தில் எதிர் இருக்கைக்காரர்' கதையைச் சொன்ன பிறகு 3ம் 4ம் வரத் தொடங்கின. ஒரு மாணவரின் இருபது சொற்களை வைத்துக் கோடு வரைந்தால் அது பல்போல மேலும் கீழும் குதிக்கும். வகுப்பு முழுவதையும் கூட்டினால் சீராகும். ஆனால் துணிச்சல்காரரும் தயங்குபவரும் கலந்த கூட்டல் கோட்டின் வடிவத்தைச் சற்று மாற்றிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. எனவே தனி மாணவர் யாருக்கும் 'உனக்கு மீள்நினைவு இவ்வளவு' என்று எழுதித்தர இந்தச் சோதனை உதவாது.

மூன்றாம் முறை, பாதிச் சொற்களைக் காட்டும்போது மேசையை அவ்வப்போது தட்டி, எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டே பார்க்கச் சொன்னேன். கவனம் பிளந்தால் மீள்நினைவே அதிகம் அடிபடும் என்று ஆய்வுகள் சொல்வதால். கரடுமுரடாக இருந்தாலும் அந்தக் கோட்டின் இடது ஓரம் இறங்கித்தான் இருந்தது. வலது ஓரத்தில் இரண்டு கோடுகளையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது என் பாடத்தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண் வினாவுக்குப் பக்கத்தில் சிறிய கட்டம் இருக்கிறது. விடை எங்கே, எதோடு சேர்த்துப் படித்தது நினைவிருந்தால் ஒரு சொல் எழுதலாம், இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம். அதே மாணவி அரையாண்டுக்கு முன் நடந்த தேர்வில் மகேந்திரவர்மன் என்று குறித்துவிட்டு, கட்டத்தில் 'செங்கல் இல்லை' என்று எழுதியிருந்தாள். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து இல்லாமல் எழுப்பியது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்வதை வகுப்பில் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன். அடுத்த இரண்டு வினாக்களிலும் விடை சரி, கட்டம் காலி. அந்த இரண்டையும் மறுநாள் அவளோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்தோம்.